கூட்டத்துக்கு வரும் தாயை முதலில் உட்கார வையுங்கள்

(புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்களுடனான சந்திப்பில் எமது மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்தச் சந்திப்பில் பேசும்படி எங்களைக் கேட்டபோது முதலில் தயங்கினோம். படித்தவர்களுக்குக் கொழுந்தெடுக்கிற நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது என்று தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தோம். பாடம் நடத்துவது உங்கள் வேலை, அதில் நாங்கள் தலையிட வரவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள், இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை நாங்கள்தானே சொல்ல வேண்டும்?

உங்களில் பலர் எங்கள் லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். சிலர் டவுனிலிருந்து வந்திருக்கிறீர்கள். எல்லோருமே சின்ன வயது. உங்கள் அம்மா வயதில் இருக்கிறவர்கள் வரிசையாக வந்து நிற்கும்போது உங்களுக்கும் உள்ளே கொஞ்சம் உதறும், அது எங்களுக்குத் தெரிகிறது. அந்த உதறலை மறைக்கத்தான் சில டீச்சர்மார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கோ அந்த இறுக்கம் கோபமாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் பயந்துகொண்டு பேசினால் பிள்ளையைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

எங்கள் பயம் கூட்டத்து நாளில் தொடங்குவதில்லை. பிள்ளை கடிதம் கொண்டுவருகிற அன்றே தொடங்கிவிடுகிறது. "தங்களது பிள்ளையின் கல்வி நிலை தொடர்பாகக் கலந்துரையாடுவதற்குத் தவறாது சமூகமளிக்கவும்" என்று கடிதம் வருகிறது. வீட்டில் அதை வாசிக்க ஆள் இருந்தாலும், வாசித்தவுடன் தாய் கேட்கிற முதல் கேள்வி, "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்பதுதான். ஏனென்றால் ஏதாவது குற்றம் நடந்தால்தான் காரியாலயத்திலிருந்து ஆளைக் கூப்பிடுவார்கள் என்பது எங்கள் வாழ்க்கையில் கண்ட வழக்கம். அதனால் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். "வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரையும் அழைக்கிறோம். உங்கள் பிள்ளை தவறு ஒன்றும் செய்யவில்லை." இது போதும், அன்று ராத்திரி பிள்ளை அடி வாங்காது.

நேரத்தையும் பாருங்கள். காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால், மலையில் இருக்கிற தாய் பாதியில் இறங்கி வர வேண்டும். அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான். கொழுந்தும் குறையும். அதையும் விட்டுவிட்டு வந்தவளை ஒரு மணித்தியாலம் வராந்தாவில் நிற்க வைத்து, "போன தடவை ஏன் வரல்ல?" என்று தொடங்கினால் அவள் மனசு எப்படி இருக்கும்? வந்திருக்கிறாளே, அதிலிருந்து தொடங்குங்கள். எங்களுக்குத் தோதான நேரம் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு அல்லது வேலை இல்லாத நாள். அதிபர் சம்மதித்தால் இது நடக்கக்கூடிய காரியம்தான். உங்களுக்கு அந்த நேரம் கஷ்டம் என்பதும் தெரியும், பஸ் போய்விடும். ஒரு தவணைக்கு ஒரு நாள் என்று பேசி முடிவெடுக்கலாம்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். வாசலில் தாய் வந்து நிற்கிற அந்த முதல் இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேச விரும்புகிறோம்.

எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவர் முன்னால் நாங்கள் நின்றுதான் பழக்கம். துரை காரியாலயத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். ஆஸ்பத்திரியில் நின்றோம். நின்றபடி இருக்கிறவர் வாயிலிருந்து "சரிங்க" என்பதைத் தவிர வேறு சொல் வராது. ஆகவே தாய் உள்ளே வந்ததும் நீங்கள் எழுந்து நில்லுங்கள். "வாங்கம்மா, இருங்க" என்று சொல்லுங்கள். கதிரையை மேசைக்கு எதிரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். கொப்பியை இரண்டு பேரும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்க முடியும். தரம் 1, தரம் 2 வகுப்பு என்றால் அங்கே இருப்பது பிள்ளைகளின் சின்னக் கதிரைதான். பரவாயில்லை, நீங்களும் அதே சின்னக் கதிரையில் உட்காருங்கள். நீங்கள் பெரிய கதிரையிலும் அவள் சின்னக் கதிரையிலும் இருந்தால் அது நிற்க வைத்ததைவிட மோசம்.

மலையிலிருந்து நேரே வருகிறவள் படங்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சேறு பட்ட காலோடு உள்ளே வரத் தயங்குவாள். அந்தச் சேற்றைப் பார்க்காதீர்கள். "அப்படியே வாங்க, கழுவிக்கலாம்" என்றால் போதும்.

எப்படிக் கூப்பிடுவது என்று சிலர் கேட்டார்கள். தாயை அம்மா என்றோ அக்கா என்றோ கூப்பிடுங்கள். தகப்பனை அண்ணே என்றோ ஐயா என்றோ கூப்பிடலாம். வயது போனவர் என்றால் பாட்டி, தாத்தா. நாங்கள் உங்களை, எங்கள் மகள் வயதாக இருந்தாலும், "டீச்சர், நீங்க" என்றுதான் சொல்கிறோம். அதே "நீங்க" திரும்பி வர வேண்டும். பிள்ளையின் பெயரைக் கேட்கும்போது பெயர் இடாப்பில் தேடிக்கொண்டு "எந்தப் பிள்ளையோட அம்மா நீங்க?" என்று கேட்பதைவிட, முதல் நாளே அந்தப் பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தப் பிள்ளை நன்றாகச் செய்கிற ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "நல்ல பிள்ளை" என்று எழுதினால் பிரயோசனமில்லை. எல்லோருக்கும் அதையே சொல்கிறீர்கள் என்று வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும். "கூட்டல் கணக்கை விரல் விடாமல் செய்கிறாள்", "தண்ணீர்ப் போத்தல் கொண்டுவராத பிள்ளைக்குத் தன் போத்தலைக் கொடுக்கிறான்" என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

இனி ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், பாடசாலையின் பெயரும் வேண்டாம். அந்தத் தாய் எங்கள் சங்கத்தைச் சேர்ந்தவர். அந்த டீச்சரும் நல்ல பிள்ளைதான்.

பையன் தரம் 3. கொப்பி பார்க்க அழகாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை அப்படியே எழுதியிருப்பான். அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கொப்பியைப் புரட்டிப் பார்த்து மகன் நன்றாகப் படிக்கிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இவர் முறை வந்தபோது, பின்னால் பத்துப் பேர் நிற்க, டீச்சர் சொன்னார்: "இவனுக்கு வாசிக்கவே தெரியாதும்மா. வீட்டுல பாக்கிறதில்லையா?" தாய் "சரிங்க டீச்சர்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. தேர்ச்சி அறிக்கையில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தார். வந்து பையனுக்கு நல்ல அடி. பையன் மூன்று நாள் பாடசாலைக்குப் போகவில்லை.

டீச்சர் பொய் சொல்லவில்லை. அவன் வாசிக்க மாட்டான் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையால் தாய்க்கோ பையனுக்கோ ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. எங்கள் மாதர் தலைவி போய் நடந்ததைச் சொன்னபோது டீச்சர் அழுதுவிட்டாராம். பிறகு அவரே ஒரு நாள் பின்னேரம் 5 மணிக்கு அந்தத் தாயையும் பையனையும் வரச் சொன்னார். இந்த இரண்டாவது சந்திப்பைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு வாங்கில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் முதலில், "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னது பிழைம்மா" என்றார். பிறகு, "படத்தைப் பாத்துக் கதை சொல்லச் சொன்னா வகுப்பில இவன் மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். பையன் நிமிர்ந்து பார்த்தான். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். பையன் மடமடவென்று வாசித்தான். தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. வாசிக்கத் தெரியாது என்றார்கள், இவன் வாசிக்கிறானே!

டீச்சர் அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். பையன் விழித்தான். அந்தச் சொல் "தோட்டம்". வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசித்ததைக் கேட்டுக் கேட்டுப் பக்கம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறான். முதலிலிருந்து தொடங்கினால் வரும், நடுவில் கேட்டால் வராது. பிறகு டீச்சர் எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினார். த தெரிகிறது, ட தெரிகிறது, ம் தெரிகிறது. முன்னால் கொம்பும் பின்னால் காலும் சேர்ந்து "தோ" என்று வந்ததும் தடுமாறுகிறான். கெ, கே, கை, கொ, கோ என்று கொம்பு வருகிற எழுத்தெல்லாம் அவனுக்கு ஒரே குழப்பம்.

"பாத்தீங்களாம்மா, புத்தியில்லாத பிள்ளையால இவ்வளவு பெரிய பக்கத்தைப் பாடமாக்க முடியுமா? இந்தக் கொம்பு எழுத்து மட்டும்தான் பிடிபடல்ல" என்றார் டீச்சர். தாய் அப்போதுதான் வாய் திறந்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாதே டீச்சர். நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?"

அந்தத் தாயின் கவலை இதுதான். "வீட்டுல பாக்கிறதில்லையா?" என்ற கேள்வி அவரை ஏன் அப்படிக் குத்தியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். இந்தக் கவலையை எந்தத் தாயும் வரிசையில் நின்றுகொண்டு சொல்ல மாட்டாள்.

டீச்சர் பழைய கலண்டர் மட்டையை வெட்டி ஐந்து சின்ன அட்டைகள் செய்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஒரு சொல், மறுபக்கம் அதன் படம். கோழி, தேள், பை, கொடி, மேசை. "ராத்திரி சோறு வேகிற நேரம் சொல் இருக்கிற பக்கத்தைக் காட்டுங்க. அவன் சொன்னதும் திருப்பிப் படத்தைப் பாருங்க. சரியா பிழையான்னு உங்களுக்கே தெரியும். பத்து நிமிஷம் போதும். ஒரே வரிசையில காட்டாதீங்க, கலைச்சுக் கலைச்சுக் காட்டுங்க, இல்லாட்டி அதையும் பாடமாக்கிருவான்" என்று சொல்லிக்கொடுத்தார். மூன்று நாளாக ஒரே அட்டையில் தடுமாறினால் அந்த அட்டையைப் பையன் பையில் போட்டு அனுப்பிவிட வேண்டும். கடிதம் எழுத வேண்டியதில்லை, அட்டை வந்தால் டீச்சருக்குச் செய்தி விளங்கிவிடும். ஒவ்வொரு வாரமும் ஐந்து புது அட்டை, பழையதும் அதனுடன் சேரும்.

அந்தத் தவணை முடியும்போது, முன்பு பார்க்காத ஒரு பக்கத்தை அந்தப் பையன் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தான். சொல்வதெழுதுதலில் இன்னும் பிழை வருகிறது. ஒரே தவணையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இதிலிருந்து நாங்கள் கேட்பது இதைத்தான். "36 பேரில் 31ஆம் பிள்ளை" என்று சொல்வதால் எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, வெட்கம்தான் வருகிறது. கொப்பியைத் திறந்து இது வருகிறது, இது வரவில்லை என்று காட்டுங்கள். வீட்டில் செய்யக்கூடிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், அதுவும் அந்த வீட்டில் நடக்கக்கூடியதாக இருக்கட்டும். தனி மேசை போட்டுப் படிக்க வையுங்கள் என்றால், ஒரு காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் அது நடக்காது. மறுபடி எப்போது பார்த்துப் பேசலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லி அனுப்பினால் கவலை போவதில்லை. வாசல் தாண்டியதும் திரும்பி வந்துவிடும்.

சில பிள்ளைகளுக்கு அட்டையும் உதவாது. புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிக்கிற பிள்ளை, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருக்கும். அங்கே கண்ணோ காதோ பார்க்க வேண்டியிருக்கலாம். ஆனால் "உங்க பிள்ளைக்குக் காது கேக்காது போல" என்று நீங்களே முடிவு சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் பார்த்ததைச் சொல்லி, "வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேளுங்கள். தாய் யோசித்துப் பார்த்துச் சொல்வாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் கிளினிக் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தால் பெரிய உதவி. வேலையை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருவது அவளுக்கு இன்னொரு நாள் சம்பளம்.

தரம் 5 பெற்றோருக்கு வேறு கவலை. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காவிட்டால் பிள்ளையின் படிப்பு முடிந்தது என்று நினைக்கிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அது பிழை, அந்தப் பரீட்சை எப்படிப் போனாலும் பிள்ளை தரம் 6க்குப் போகலாம், போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் தரம் 5க்கு மேல் வகுப்பு இல்லை. ஆகவே உண்மையான கேள்வி, அடுத்த பாடசாலை எது, எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு, பெண் பிள்ளை தனியாக நடந்து வர வேண்டுமா என்பதுதான். பெண் பிள்ளை பெரியபிள்ளையானதும் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிற வீடுகளும் உண்டு. அந்தத் தாயிடம், 16 வயது வரை படிப்பிக்க வேண்டும் என்பது சட்டம் என்று எடுத்தவுடனே தொடங்கினால் அவள் வாயை மூடிக்கொள்வாள். சட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் முதலில், "எது உங்களுக்குப் பயமா இருக்குது, பாதையா?" என்று கேளுங்கள். பாதைதான் பயம் என்றால் அதே லயத்துப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்து அனுப்ப வழி பார்க்கலாம். அதற்குச் சங்கமும் வரும்.

கூட்டத்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் தாய் வருவதில்லை. வெளிநாட்டுக்குப் போன தாய், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன தாய் என்று எத்தனையோ பேர். பாட்டிதான் வருவார். "அம்மா எங்க? அவங்க வரணுமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளையும் பக்கத்தில் நிற்கும். பாட்டியிடமே பேசுங்கள், பிள்ளையை வளர்க்கிறவர் அவர்தான். தேர்ச்சி அறிக்கையை போனில் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பலாமா என்று மட்டும் கேளுங்கள். ஒப்பம் வாங்கும்போது நீங்களாகவே மைப்பெட்டியைத் திறந்து நீட்டிவிடாதீர்கள். கையெழுத்து நன்றாகப் போடத் தெரிந்த பாட்டிமாரும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது அவமானம். "எப்பவும் போடுற மாதிரி போடுங்க பாட்டி" என்று பேனையையும் மைப்பெட்டியையும் சேர்த்து வையுங்கள்.

கோபத்தோடு வருகிற தகப்பன்மாரும் உண்டு, மறைக்கவில்லை. பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவார். அவரையும் உட்கார வைத்து, முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள். அடித்தது உண்மை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். பாடசாலையில் அடிப்பது தடை, எங்களுக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்திருந்தால் அன்று பேச வேண்டாம். அதிபரிடம் சொல்லி வேறு நாள் வரச் சொல்லுங்கள், தோட்டத் தலைவர் கூட்டி வருவார்.

பணம் சேர்க்கிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் காசு, வர்ணம் பூசக் காசு என்பதெல்லாம் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மேசையில் வேண்டாம். காசு கையில் இல்லாத தாய், அதைக் கேட்பார்களே என்ற பயத்திலேயே கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுகிறாள். அதைச் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். தேர்ச்சி அறிக்கைக்கும் காசுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். டீச்சர் சொல்வது விளங்காவிட்டால் "சரிங்க" என்று சொல்லி எழுந்து வராதீர்கள். "விளங்கல்ல டீச்சர், கொப்பியில காட்டுங்க" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிக்க வேண்டாம். பிள்ளை பொய் சொல்லத்தான் பழகும், அடுத்த கடிதம் வீட்டுக்கு வந்து சேராது.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்து வேலையை இப்போதே ஏற்றுக்கொள்கிறோம். கடிதத்தை ஒரு வாரத்துக்கு முன்னால் கொடுத்தால், நாளையும் நேரத்தையும் தோட்டத் தலைவர்கள் காலையில் பிரட்டுக்களத்தில் அறிவிப்பார்கள். வேலை நாளில் வைக்க வேண்டிவந்தால், கூட்டத்துக்குப் போகிற தாய்மாருக்கு அரைப்பேர் போடாமல் இருக்கத் தோட்ட நிர்வாகத்துடன் மாவட்டப் பிரதிநிதி பேசுவார். அதற்கு எந்தெந்தத் தாய்மார் வருகிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். அதை அதிபரிடமிருந்து வாங்கி மாதர் தலைவிகளிடம் கொடுத்துவிடுங்கள். கதிரை போதாவிட்டால் சொல்லுங்கள், கோயில் மண்டபத்திலிருந்து தூக்கி வந்து தருகிறோம்.